சம்பளம் வந்த கையோடு சேமிப்புக்கு ஒதுக்குவது: ஸ்டாண்டிங் ஓர்டர் போடும் முறை

மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்று நினைப்பவர் கையில் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சுவதில்லை. சம்பளம் கணக்கில் விழுந்த நாளிலேயே ஒரு தொகை தானாக வேறு கணக்குக்குப் போய்விட்டால், மீதியில்தான் மாதத்தை ஓட்ட வேண்டியிருக்கும், ஓடியும் விடும். அதற்கு வங்கியில் எழுதிக் கொடுக்கும் நிரந்தர உத்தரவுதான் ஸ்டாண்டிங் ஓர்டர். "இந்தக் கணக்கிலிருந்து, மாதாமாதம் இந்தத் திகதியில், இவ்வளவு ரூபாவை, அந்தக் கணக்குக்கு அனுப்பு" என்ற ஒரே வசனம்தான் அது.

படிவம் நிரப்பப் பத்து நிமிடம் போதும். ஆனாலும் போட்டவர்களில் பலருக்கு அது இரண்டு மூன்று மாதத்தில் நின்றுவிடுகிறது. திகதியைப் பிழையாகப் போடுவது, தொகையைக் கூட்டிப் போடுவது, காசு போய்ச் சேரும் கணக்கைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது, இந்த மூன்றும்தான் பெரும்பாலும் காரணம். ஆகவே வங்கிக்குப் போவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டிய வேலையிலிருந்து தொடங்குவோம்.

முதலில் மூன்று மாதக் கணக்கைப் பாருங்கள்

சம்பளம் விழும் கணக்கின் வங்கிப் புத்தகத்தைக் கிளையில் கொடுத்துக் கடைசி மூன்று மாதத்தைப் பதிந்து வாங்குங்கள். புத்தகம் இல்லாத கணக்கென்றால் கூற்று எடுக்கலாம். பென்சிலால் மூன்று இடங்களில் குறியுங்கள். ஒன்று, சம்பளம் விழுந்த திகதி. இரண்டு, லோன் தவணை வெட்டப்பட்ட திகதி. மூன்று, அடுத்த சம்பளம் விழுவதற்கு முதல் நாள் கணக்கில் கிடந்த மீதி.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கல்லடியில் குடியிருந்து மட்டக்களப்பு நகரில் வேலை செய்யும் ஓர் அபிவிருத்தி உத்தியோகத்தர். கழிவுகள் போக 25ஆம் திகதி கணக்கில் விழுவது 61,300 ரூபா. அதே நாளில் வங்கி லோன் தவணை 12,800 ரூபாவை வெட்டிக்கொள்கிறது. மிஞ்சுவது 48,500. முதலாம் திகதி சீட்டுக்கு 5,000 கட்ட வேண்டும். வீட்டுச் சாமான், கரண்ட் பில், தண்ணீர் பில், பிள்ளையின் ரியூசன், பெற்றோல் எல்லாம் சேர்த்து 38,000 அளவில் போகிறது. கணக்குப்படி மாதம் 5,500 ரூபா மிஞ்ச வேண்டும்.

ஆனால் புத்தகத்தில் 24ஆம் திகதி மீதிகள் 1,850, 640, 3,200 என்று இருக்கின்றன. ஐயாயிரத்து ஐந்நூறு எங்கே போனது? 25க்கும் 30க்கும் இடையில் உள்ள ஏ.ரி.எம். பதிவுகளைப் பார்த்தால் விடை கிடைக்கும். 2,000, 3,000, மறுபடி 2,000 என்று சின்னச் சின்னதாக எடுத்த காசு அங்கேயே கிடக்கும். கணக்கில் காசு நிறைந்திருக்கும் அந்த ஐந்து நாளில்தான் கை தாராளமாகிறது. ஸ்டாண்டிங் ஓர்டர் வேலை செய்ய வேண்டியதும் அந்த ஐந்து நாள் தொடங்குவதற்கு முன்புதான்.

எவ்வளவு போடுவது

மிஞ்ச வேண்டிய 5,500 ரூபாவையும் அப்படியே போட்டுவிடக் கூடாது. காய்ச்சல், மரணவீடு, மோட்டார் சைக்கிள் ரயர் என்று ஏதாவது ஒன்று எல்லா மாதமும் வரத்தான் செய்யும். முழுவதையும் அனுப்பிவிட்டால் 12ஆம் திகதியளவில் சேமிப்புக் கணக்கிலிருந்து திருப்பி எடுக்க வேண்டி வரும். ஒருமுறை திருப்பி எடுத்துப் பழகியவருக்கு அந்தக் கணக்கும் செலவுக் கணக்குதான். ஆகவே இந்த உத்தியோகத்தருக்கு 4,000 பொருத்தம். 1,500 ரூபா அவசரத்துக்குச் சம்பளக் கணக்கிலேயே கிடக்கும். வருடத்துக்கு 48,000 சேரும்.

பத்தாயிரம் என்று எழுதி இரண்டாம் மாதமே நிறுத்துவதை விட, 2,000 என்று எழுதி இரண்டு வருடம் ஓடவிடுவது எவ்வளவோ மேல். தொகையைப் பிறகு கூட்டுவதற்கு ஒரு கையெழுத்துப் போதும்.

பண்டிகை முற்பணம் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சித்திரைப் புத்தாண்டுக்கோ நோன்புப் பெருநாளுக்கோ எடுத்த முற்பணம் பின்வரும் மாதங்களில் சம்பளத்திலிருந்து கழிபடும். அந்த மாதங்களில் கைக்கு வரும் சம்பளம் குறையும். தொகையைத் தீர்மானிக்கும்போது அந்தக் குறைந்த சம்பளத்தை வைத்தே கணக்குப் பாருங்கள். கூடிய சம்பளம் வரும் மாதத்தை அளவாக எடுத்தால் குறைந்த மாதத்தில் ஓர்டர் தவறும்.

எந்தக் கணக்குக்குப் போக வேண்டும்

இலகுவான வழி, சம்பளம் விழும் அதே வங்கியில் இரண்டாவது சேமிப்புக் கணக்கொன்று திறப்பது. அதற்கு ஏ.ரி.எம். அட்டை வேண்டாம் என்று திறக்கும்போதே சொல்லுங்கள். போன் செயலியில் அந்தக் கணக்கு காட்டப்படாமல் இருக்க முடியுமா என்றும் கேளுங்கள். காசு எடுக்க வேண்டுமென்றால் புத்தகத்தோடு கிளைக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும் என்ற நிலைதான் அந்தக் காசுக்குக் காவல். உண்மையான அவசரத்துக்கு அந்த வரிசை ஒரு தடையே இல்லை. புதுப் போன் வாங்கும் ஆசைக்கு அது போதுமான தடை.

அதே வங்கிக்குள் என்றால் பரிமாற்றக் கட்டணம் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் சிறிது. வேறு வங்கிக்கு அனுப்பினால் ஒவ்வொரு மாதமும் கட்டணம் போகலாம். ஆனால் சம்பள வங்கியின் செயலியில் அந்தக் காசு கண்ணில் படாது என்ற நன்மை இருக்கிறது. கையை அடக்கக் கஷ்டப்படுபவருக்கு அந்தக் கட்டணம் வீண் இல்லை என்பதே எங்கள் கருத்து.

வேறு வங்கிக்கு அனுப்புவதானால் ஒரு பரிசோதனை கட்டாயம். இப்படியான பரிமாற்றத்தில் காசு கணக்கு இலக்கத்தைப் பார்த்துத்தான் போய்ச் சேரும். பெயரைச் சரியாக எழுதியிருக்கிறோம், இலக்கத்தில் ஓர் எண் மாறினாலும் வங்கி பிடித்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். முதலில் கையால் 100 ரூபா அனுப்புங்கள். மறுநாள் சேமிப்புப் புத்தகத்தைப் பதிந்து, அந்த நூறு ரூபாவைக் கண்ணால் கண்ட பிறகு ஸ்டாண்டிங் ஓர்டரில் அதே இலக்கத்தைப் பார்த்து எழுதுங்கள்.

வட்டி வேண்டாம் என்பவர்களுக்கும் இது பொருந்தும். காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறைப் பக்கத்தில் பலர் அமானா வங்கியிலோ மற்ற வங்கிகளின் இஸ்லாமியப் பிரிவிலோ முதாரபா சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறார்கள். சம்பளம் வழமையான வங்கியில் விழுந்தாலும், அங்கிருந்து முதாரபாக் கணக்குக்கு ஸ்டாண்டிங் ஓர்டர் போடலாம். காசு மாறும் முறை ஒன்றுதான்.

பிள்ளையின் பெயரில் உள்ள சிறுவர் சேமிப்புக் கணக்குக்கு முழுத் தொகையையும் திருப்பிவிடாதீர்கள். அந்தக் காசு பொதுவாகப் பிள்ளைக்கு 18 வயதாகும் வரை உங்கள் கைக்கு வராது. பிள்ளைக்கென்று 500 ரூபா தனி ஓர்டராகப் போடுங்கள், மிச்சம் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

திகதி: எல்லாம் இதில்தான் தங்கியிருக்கிறது

அரச சம்பளம் பொதுவாக 25ஆம் திகதி விழுகிறது. அப்படியானால் ஓர்டரையும் 25 என்று போடலாமே என்று தோன்றும். போடலாமா என்பது உங்கள் வங்கியின் கணினி அந்த ஓர்டரை எந்த நேரத்தில் ஓட்டுகிறது என்பதைப் பொறுத்தது. சில இடங்களில் நாளின் தொடக்கத்தில், கிளை திறப்பதற்கு முன்பே ஓட்டிவிடுவார்கள். உங்கள் சம்பளம் காலை பத்து மணிக்கு விழுகிறது என்றால், ஓர்டர் தேடிய நேரத்தில் கணக்கில் 640 ரூபாதான் இருந்திருக்கும். காசில்லை என்று திரும்பிவிடும். சில இடங்களில் நாள் முடிவில் ஓட்டுவார்கள். அங்கே 25 என்று போட்டாலும் சரிவரும், ஆனால் அன்று பகலே ஏ.ரி.எம்.மில் அள்ளி எடுக்காமல் இருக்க வேண்டும்.

ஆகவே கிளைக்குப் போனதும் படிவத்தை வாங்குவதற்கு முன் உத்தியோகத்தரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஓர்டர் காலையில் ஓடுமா, நாள் முடிவில் ஓடுமா? அந்தத் திகதி ஞாயிறோ பொயா நாளோ ஆனால் முந்திய வேலை நாளில் ஓடுமா, அடுத்த வேலை நாளிலா? கணக்கில் காசு போதாவிட்டால் மறுநாளும் முயற்சி செய்யுமா, அப்படியே விட்டுவிடுமா, அதற்குக் கட்டணம் உண்டா? இந்த மூன்றுக்கும் பதில் வங்கிக்கு வங்கி வேறுபடும். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரிவந்த திகதி உங்களுக்குச் சரிவராமல் போவதும் இதனால்தான்.

நாள் முடிவில் ஓடும் என்றால் 25. காலையில் ஓடும் என்றால் 26. தெளிவான பதில் கிடைக்காவிட்டாலும் 26 என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு தள்ளிப் போட வேண்டாம். 30 என்று போட்டால் அந்த ஐந்து நாள் ஏ.ரி.எம். ஓட்டம் முடிந்து, மீந்ததைத்தான் ஓர்டர் தேடும்.

25 விடுமுறை நாளில் வந்தால் சம்பளம் முந்திய வேலை நாட்களில் விழும். டிசம்பர் 25 நத்தார் என்பதால் இது வருடம் தவறாமல் நடக்கும். 2026இல் ஜனவரி 25 ஞாயிறு, ஒக்டோபர் 25உம் ஞாயிறு. சித்திரைப் புத்தாண்டுக்கு முன்கூட்டியே சம்பளம் கொடுக்கும் வருடங்களும் உண்டு. அப்போது சம்பளத்துக்கும் ஓர்டருக்கும் இடையில் பல நாள் இடைவெளி விழும், அதுவும் கடைத்தெருவில் கூட்டம் அலைமோதும் நாட்களில். அந்த மாதங்களில் சம்பளம் விழுந்ததும் 4,000 ரூபாவை நீங்களே கையால் சேமிப்புக்கு மாற்ற வேண்டாம். மாற்றினால், பிறகு ஓர்டர் தன் பங்குக்கு இன்னொரு 4,000 எடுக்கும். அந்தத் தொகையைத் தொடாமல் கணக்கிலேயே விட்டுவைத்தால் போதும்.

தனியார் துறையில் மாதச் சம்பளம் பெறுபவர்களுக்குத் திகதி ஆடும். சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் தொழில்களில் மாதச் சம்பளம் அடுத்த மாதம் பத்தாம் திகதிக்குள் கொடுக்கப்பட வேண்டும். ஒரு மாதம் 7, அடுத்த மாதம் 9 என்று விழுபவர்கள் ஓர்டரை 11 என்று எழுதுவது பாதுகாப்பு. சம்பளத்தைக் கையில் காசாக வாங்குபவர்களுக்கும், பெரும்போகம் சிறுபோகம் என்று வருடத்தில் இரண்டு தடவை காசு காணும் வயல்காரர்களுக்கும் இந்த முறை பொருந்தாது. அவர்களுக்கு மாதாந்த ஓர்டர் பத்து மாதம் தவறிக்கொண்டேயிருக்கும்.

படிவம் நிரப்புதல்

தேசிய அடையாள அட்டையையும் இரண்டு கணக்கு இலக்கங்களையும் கொண்டு போங்கள். வேறு வங்கி என்றால் கிளையின் பெயரும் வேண்டும். கேட்பவை இவ்வளவுதான்: காசு எடுக்க வேண்டிய கணக்கு, போக வேண்டிய கணக்கும் அதன் உரிமையாளர் பெயரும், தொகை, முதல் திகதி, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, முடிவுத் திகதி. கையெழுத்து கணக்குத் திறந்தபோது வைத்தது போலவே இருக்க வேண்டும்.

முதல் திகதியை அடுத்த மாதத்துக்குப் போடுங்கள். 24ஆம் திகதி படிவம் கொடுத்துவிட்டு 26இல் ஓடும் என்று எதிர்பார்த்தால், பதிவு முடியாமல் முதல் மாதமே தவறலாம்.

முடிவுத் திகதியில் "மறு அறிவித்தல் வரை" என்று எழுத இடமிருந்தால் அப்படியே எழுதுங்கள். ஒரு வருடம் என்று எழுதினால் பன்னிரண்டாம் மாதத்தோடு சத்தமில்லாமல் நின்றுவிடும். நின்றதை வங்கி அறிவிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. படிவத்தின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி, சேமிப்புப் புத்தகத்துக்குள் மடித்து வையுங்கள்.

செயலியில் செய்பவர்கள் திரையில் Standing Order அல்லது Scheduled Transfer என்ற இடத்தைத் தேட வேண்டும். அங்கும் அதே விபரங்கள்தான். Frequency என்ற இடத்தில் Monthly என்று மாற்றியிருக்கிறீர்களா என்று கடைசியாக ஒருமுறை பாருங்கள். One time என்று இருந்தால் ஒரு மாதம் போய் அத்தோடு முடிந்துவிடும். செயலியில் போடும் ஓர்டருக்கு ஒரு பலவீனமும் உண்டு: இரவு படுக்கையில் இருந்தபடியே நிறுத்திவிடலாம். கிளையில் எழுதிக் கொடுத்ததை நிறுத்தக் கிளைக்குப் போக வேண்டும். முதல் தடவை போடுபவர் கிளையிலேயே போடட்டும்.

ஓடுகிறதா என்று பார்ப்பது

முதல் மூன்று மாதமும் 27ஆம் திகதி சேமிப்புப் புத்தகத்தைப் பதியுங்கள். சம்பளக் கணக்கிலிருந்து காசு கழிந்ததாக எஸ்.எம்.எஸ். வந்தது மட்டும் போதாது. மற்றக் கணக்கில் வரவு விழுந்திருக்க வேண்டும்.

4,000 விழாத மாதத்தில் காரணத்தைச் சம்பளக் கணக்கிலேயே காணலாம். ஓர்டர் திகதிக்குப் பிறகு சம்பளம் விழுந்திருந்தால் திகதியை ஒரு நாள் தள்ள வேண்டும். சம்பளம் முன்பே விழுந்து, ஓர்டர் திகதியில் மீதி 4,000க்குக் குறைவாக இருந்தால் நீங்கள் முந்திவிட்டீர்கள். மீதி 4,300 இருந்தும் போகவில்லை என்றால் குறைந்தபட்ச மீதியைப் பாருங்கள். கணக்கில் எப்போதும் கிடக்க வேண்டிய தொகை 500 அல்லது 1,000 என்று வைத்திருப்பார்கள், ஓர்டர் அதைத் தொடாது. லோன் தவணை இரண்டு ஒன்றாக வெட்டப்பட்டிருந்தால், முந்திய மாத நிலுவையை வங்கி சேர்த்து எடுத்திருக்கிறது. லோன் எப்போதும் முதலில் போகும், சேமிப்பு அதன் பின்னால்தான் நிற்கும்.

ஒரே மாதம் தவறினால் ஓர்டரை நிறுத்த வேண்டாம். மூன்று மாதத்தில் இரண்டு மாதம் தவறினால் தொகை கூடிவிட்டது, 2,500க்கு இறக்குங்கள்.

பொத்துவிலுக்கோ வாழைச்சேனைக்கோ இடமாற்றம் கிடைத்து, சம்பளத்தை அங்குள்ள வேறு வங்கிக்கு மாற்றினால் பழைய ஓர்டர் கூடவே வராது. அது வெறும் கணக்கைத் தேடித் தேடித் தவறிக்கொண்டிருக்கும், கட்டணம் உள்ள இடத்தில் கட்டணமும் ஏறும். சம்பளக் கணக்கை மாற்றும் அதே வாரத்தில் பழையதை எழுத்தில் நிறுத்தி, புதியதைப் போடுங்கள்.

சேர்ந்த பிறகு

ஆறு மாதத்தில் 24,000 சேரும். நிலையான வைப்பில் போடலாமா என்று கேட்பதற்கு முன் அடகில் நகை இருக்கிறதா என்று பாருங்கள். அடகு வட்டி சேமிப்பு வட்டியை விடக் கூட. இருந்தால் முதலில் நகையை மீட்பதுதான் லாபம். வாராவாரம் கட்டும் நுண்கடன் இருந்தாலும் அப்படித்தான்: ஓர்டரை 1,000க்கு இறக்கி, மீதியைக் கடனில் கட்டி முடியுங்கள்.

கடன் இல்லாதவர்கள் ஒரு மாதச் செலவு, இந்த உதாரணத்தில் 38,000, சேரும் வரை சாதாரண சேமிப்பிலேயே வைக்க வேண்டும். அதற்கு மேல் சேர்வதை மூன்று மாத, ஆறு மாத நிலையான வைப்பாக மாற்றலாம். வட்டியில் வரி பிடிக்கப்படுவதையும் அறிந்திருங்கள்: 2025 ஏப்ரல் 1 முதல் 10 சதவீதம். உங்கள் வருட வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாவிட்டால் வங்கியில் சுயபிரகடனப் படிவம் நிரப்பிக் கொடுத்து அந்தப் பிடித்தத்தைத் தவிர்க்கலாம்.

ஓர்டரைக் கூட்டுவதற்கு நல்ல நேரம், சம்பளம் கூடும் மாதத்துக்கு முதல் மாதம். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்த அரச அடிப்படைச் சம்பள உயர்வு 2025 ஏப்ரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி என்று கட்டம் கட்டமாகவே வருகிறது. கூடும் தொகையில் பாதியை, அது கைக்குப் பழகுவதற்கு முன்பே, ஓர்டரில் சேர்த்து எழுதிவிடுங்கள். அதைவிடப் பெரிய வாய்ப்பு லோன் முடியும் மாதம். அந்த உத்தியோகத்தரின் 12,800 ரூபாத் தவணை முடியும் திகதி லோன் பத்திரத்தில் இருக்கிறது. கடைசித் தவணை வெட்டப்பட்ட வாரத்திலேயே கிளைக்குப் போய், 4,000 என்பதை 12,000 என்று மாற்றி எழுதிக் கொடுத்தால், வீட்டுச் செலவுக்கு முன்னரை விட 4,800 ரூபா கூடுதலாகவே கிடைக்கும்.